பினாங்கில் விடிந்த பிறகும் நேற்றாகவே இருக்கும் விற்பனை அறிக்கை

உலகம் முழுவதும் பொருள் அனுப்பும் இணையக் கடையில் "இன்று எவ்வளவு விற்றது?" என்று கேட்டால், பதில் சொல்லும் முன் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இன்று என்றால் எந்த ஊரின் இன்று? எவ்வளவு என்றால் எந்த நாணயத்தில், எந்த நாளின் மாற்று விகிதத்தில்? இவற்றைத் தனித்தனிச் சிக்கல்களாக நினைத்து, நேரத்தை நிரல் எழுதுபவரிடமும் நாணயத்தைக் கணக்காளரிடமும் ஒப்படைத்துவிடுவது வழக்கம். ஆனால் மாற்று விகிதம் நாளைப் பொறுத்தது. நாள் தவறினால் விகிதமும் சேர்ந்து தவறும். ஆகவே நாளை முதலில் தீர்த்துவிட்டுத்தான் நாணயத்துக்கு வர வேண்டும்.

ஓர் உதாரணக் கடையை எடுத்துக்கொள்வோம். பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் பித்தளை விளக்கும் பூசைப் பாத்திரமும் விற்கும் கடை. கடை வாசலில் வாங்குபவர்கள் ஒரு பக்கம். இணையத்தில் லண்டன், நியூஜெர்சி, சென்னை, சிங்கப்பூர் என்று வாங்குபவர்கள் இன்னொரு பக்கம். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அதற்குப் பத்து நாள் முன்பு, அக்டோபர் 10, வெள்ளிக்கிழமையின் இணைய விற்பனையைக் கூட்ட வேண்டும்.

கடையின் மென்பொருள் ஒவ்வோர் ஆர்டரையும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் பதிந்து வைக்கிறது. இது தவறல்ல, சரியான பழக்கம்தான். மலேசியா அந்த நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. அந்த நாளையொட்டி வந்த ஆறு ஆர்டர்கள் இவை:

| ஆர்டர் | வாங்கியவர் ஊர் | உலகப் பொது நேரம் | பினாங்கு நேரம் | தொகை |
|---|---|---|---|---|
| 1 | ஈப்போ | அக். 9, 15:40 | அக். 9, 23:40 | 180 ரிங்கிட் |
| 2 | லண்டன் | அக். 9, 16:10 | அக். 10, 00:10 | 45 பவுண்டு |
| 3 | நியூஜெர்சி | அக். 9, 23:30 | அக். 10, 07:30 | 120 அமெரிக்க டாலர் |
| 4 | சென்னை | அக். 10, 04:15 | அக். 10, 12:15 | 6,000 ரூபாய் |
| 5 | சிங்கப்பூர் | அக். 10, 12:00 | அக். 10, 20:00 | 60 சிங்கப்பூர் வெள்ளி |
| 6 | நியூஜெர்சி | அக். 10, 16:30 | அக். 11, 00:30 | 80 அமெரிக்க டாலர் |

கடைக்காரருக்கு அக்டோபர் 10 என்றால் 2, 3, 4, 5 ஆகிய நான்கு ஆர்டர்கள். பதிந்த நேரத்தின் தேதியை அப்படியே எடுத்துக் கூட்டும் அறிக்கைக்கோ அது 4, 5, 6 ஆகிய மூன்று. கணக்கை எளிதாக்க விகிதங்களை முழுமையாக்கிக்கொள்வோம்: பவுண்டு 5.60 ரிங்கிட், டாலர் 4.20, சிங்கப்பூர் வெள்ளி 3.25, நூறு ரூபாய்க்கு 4.75. பினாங்கு நாளின்படி 252 + 504 + 285 + 195, மொத்தம் 1,236 ரிங்கிட். உலகப் பொது நேர நாளின்படி 285 + 195 + 336, மொத்தம் 816 ரிங்கிட். இரண்டு கூட்டலிலும் பிழை இல்லை. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கேட்ட கேள்விக்கு முதலாவதுதான் பதில்.

எந்த ஆர்டர்கள் நாள் மாறின என்பதையும் கவனிக்க வேண்டும். பினாங்கில் நள்ளிரவு முதல் காலை எட்டு மணி வரை வருபவை மட்டுமே முந்தைய நாளுக்குப் போய்விடுகின்றன. அந்த எட்டு மணி நேரம் உள்ளூர்க்காரர்கள் உறங்கும் நேரம். லண்டனில் அது அக்டோபரில் மாலை ஐந்து முதல் இரவு ஒரு மணி வரை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் நண்பகல் முதல் இரவு எட்டு வரை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கைப்பேசியில் தீபாவளிக்கு விளக்கு தேடும் நேரம் அதுதான். ஆகவே இந்தப் பிழை எல்லா ஆர்டர்களையும் சமமாகத் தொடுவதில்லை. ஈப்போ, கிள்ளான் வாடிக்கையாளர்களை ஏறக்குறைய விட்டுவிட்டு, அந்நிய நாணயத்தில் பணம் கட்டுபவர்களைத்தான் பெரும்பாலும் இடம் மாற்றுகிறது. நாணயக் கணக்கும் இதில் ஏன் மாட்டிக்கொள்கிறது என்பது இங்கேயே விளங்கும்.

வாரத்துக்கு மொத்தமாகப் பார்த்தால் இந்தப் பிழை பெரும்பாலும் தெரியாது. ஒரு பக்கம் போனது மறு பக்கம் வந்துவிடுகிறது. தலைவலி மாத முடிவில்தான். 1-ஆம் தேதி அதிகாலை வந்த வெளிநாட்டு ஆர்டர்கள் முந்தைய மாதத்தில் விழுந்திருக்கும். கணக்காளரின் கையிருப்பு ஏடு ஒன்று சொல்லும், விற்பனை அறிக்கை வேறொன்று சொல்லும்.

நம் அறிக்கை எந்த நேரத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க யாரையும் கேட்கத் தேவையில்லை. மலேசிய வாடிக்கையாளர்களின் ஆர்டர்களை மட்டும் பிரித்து, மணிவாரியாக எண்ணிப் பாருங்கள். மனிதர்கள் விடியற்காலை இரண்டு முதல் ஆறு மணி வரை கடை தேடுவது குறைவு. அந்த மந்த நேரம் உங்கள் அறிக்கையில் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை தெரிந்தால், அது உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இன்னும் நேரடியான வழியும் உண்டு. காலை 7:45 மணிக்கு நீங்களே ஒரு சிறிய ஆர்டர் போட்டுப் பாருங்கள். அது நேற்றைய பட்டியலில் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

திருத்துவது எளிது. நேரத்தைப் பதிந்தபடியே விட்டுவிட்டு, கூட்டும்போது மட்டும் கடையின் ஊர் நேரத்துக்கு மாற்றித் தேதியைப் பிரிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இப்படி:

```sql
SELECT (paid_at AT TIME ZONE 'Asia/Kuala_Lumpur')::date AS shop_day,
       currency,
       SUM(amount) AS total
FROM orders
WHERE paid_at >= '2025-10-10 00:00+08'
  AND paid_at <  '2025-10-11 00:00+08'
GROUP BY 1, 2;
```

இதில் மூன்று இடங்களில் கால் இடறும். `paid_at` என்ற பத்தி `timestamptz` வகையாக இருக்க வேண்டும். வெறும் `timestamp` ஆக இருந்தால் அதே `AT TIME ZONE` எதிர்த்திசையில் வேலை செய்யும். பதிந்திருப்பது ஏற்கெனவே கோலாலம்பூர் நேரம் என்று எடுத்துக்கொண்டு எட்டு மணி நேரத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துவிடும். இரண்டாவது இடறல், ஊர்ப் பெயருக்குப் பதிலாக `'UTC+8'` என்று எழுதுவது. பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் போஸ்ட்கிரெஸ் இந்த வடிவத்தைப் பழைய போசிக்ஸ் மரபுப்படி வாசிக்கிறது. அந்த மரபில் கூட்டல் குறி என்றால் கிரீன்விச்சுக்கு மேற்கு. பினாங்கைக் கேட்ட உங்களுக்கு அது பசிபிக் கடலோர நேரத்தைக் கொடுக்கும், பிழைச் செய்தியும் வராது. மூன்றாவது, நாளின் முடிவை 23:59:59 என்று எழுதுவது. அந்தக் கடைசி நொடிக்குள் விழும் ஆர்டர் எந்த நாளிலும் சேராமல் போகும். அடுத்த நாள் தொடக்கத்துக்கு முன்பு வரை என்று மேலே எழுதியிருப்பதுபோல் எல்லை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தரவுத்தளம் இல்லாமல் விரிதாளில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரே வரி போதும்:

```
=INT(A2+TIME(8,0,0))
```

A2-இல் இருப்பது உண்மையான தேதி மதிப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இறக்கிய கோப்பில் தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே `T` என்றும் கடைசியில் `Z` என்றும் எழுத்துகள் இருந்தால், விரிதாள் அதை வெறும் எழுத்துத்தொடராக எடுத்துக்கொள்ளக்கூடும். முதலில் `T` இருக்கும் இடத்தில் ஓர் இடைவெளி வைத்து, `Z`-ஐ நீக்கிவிட வேண்டும்.

எட்டு மணி நேரத்தை இப்படி நேரடியாகக் கூட்டுவது மலேசியாவில் இருப்பவருக்குக் கிடைத்த வசதி. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா அரை மணி நேரம் முன்னேறி சபா, சரவாக்கின் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதன் பிறகு இங்கே கடிகாரம் மாறவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள். உங்கள் கடைத் தளத்தின் அமைப்பு நியூயார்க் நேரத்தில் இருந்து, "பன்னிரண்டு மணி நேரம் கூட்டினால் நம் நேரம்" என்று யாராவது எழுதி வைத்திருந்தால், அது 2025 நவம்பர் 2 வரைதான் செல்லும். அன்று அமெரிக்கா கடிகாரத்தைப் பின்னால் வைத்தது. வித்தியாசம் பதின்மூன்று மணி நேரமாகிவிட்டது. மேலும் அந்த ஒரு நாள் நியூயார்க்கில் 25 மணி நேரம் நீடித்தது. விற்பனை லேசாக உயர்ந்ததாக அறிக்கை காட்டினால் விளம்பரத்தைப் பாராட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்கலாம். மணிக்கணக்கை எண்ணாக எழுதாமல் `Asia/Kuala_Lumpur` என்று ஊர்ப் பெயராக எழுதச் சொல்வது இதனால்தான். மாற்றங்களின் வரலாறு முழுவதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

ஆர்டர் போட்ட நேரமா, பணம் வந்த நேரமா என்ற கேள்வியும் உண்டு. இரவு 11:58-க்கு ஆர்டர் போட்டு 12:03-க்குப் பணம் கட்டுபவர் எப்போதும் இருப்பார். பணம் வந்த நேரத்தை எடுத்துக்கொள்வதே என் விருப்பம், ஏனென்றால் கட்டாமல் விட்டுப்போன ஆர்டர்கள் தாமாகவே விலகிவிடும். எதை எடுத்தாலும் எல்லா அறிக்கையிலும் அதையே எடுக்க வேண்டும்.

நாள் முடிவாகிவிட்டது. இனி நாணயம்.

மேலே உள்ள நிரலில் `currency` என்ற பத்தியையும் சேர்த்தே குழுவாக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை விட்டுவிட்டால் தரவுத்தளம் 45, 120, 6000, 60 என்ற எண்களை ஒன்றாகக் கூட்டி 6,225 என்று கொடுக்கும். இது எந்த நாட்டுப் பணமும் அல்ல. சிரிப்பாகத் தோன்றினாலும் இது நடக்கிறது, அதுவும் தாமதமாகத்தான் கண்ணில் படுகிறது. கடை தொடங்கிய புதிதில் எல்லா ஆர்டரும் ரிங்கிட்டில் வந்திருக்கும். பிறகு சிங்கப்பூர் வெள்ளி சேரும்போது எண்கள் ஒரே அளவில் இருப்பதால் சந்தேகம் வராது. சென்னையிலிருந்து ஒருவர் ரூபாயில் வாங்கும் நாளில்தான் வரைபடம் கூரையைத் தொடும்.

ரூபாயில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வெளியிடும் மாற்று விகிதப் பட்டியலில் டாலர், பவுண்டு, சிங்கப்பூர் வெள்ளி ஆகியவை ஓர் அலகுக்கு இத்தனை ரிங்கிட் என்று இருக்கும். இந்திய ரூபாயும் ஜப்பானிய யென்னும் நூறு அலகுக்கு இத்தனை என்று இருக்கும். அலகு என்ற பத்தியைப் படிக்காமல் விகிதத்தை மட்டும் எடுத்துப் பெருக்கினால், சென்னை அன்பர் வாங்கிய 285 ரிங்கிட் விளக்கு 28,500 ரிங்கிட் ஆகிவிடும். நூறு மடங்கு பிழை உடனே கண்ணில் படும் என்பது உண்மைதான். ஆனால் மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது நல்ல விற்பனை நாளாகத்தான் தெரியும்.

யென்னைத் தொட்டதால் ஒரு சொல். அதற்குச் சில்லறைப் பிரிவு இல்லை. பணம் வாங்கித் தரும் கட்டணச் சேவைகள் பல, தொகையை மிகச் சிறிய அலகில் அனுப்புகின்றன. ரிங்கிட்டில் 5000 என்று வந்தால் அது 5,000 சென், அதாவது 50 ரிங்கிட். யென்னில் 5000 என்று வந்தால் அது 5,000 யென்னேதான். எல்லாவற்றையும் நூறால் வகுக்கும் நிரல் ஜப்பானிய வாடிக்கையாளரை நூறில் ஒரு பங்காக்கிவிடும். குவைத் தினாருக்கு மூன்று தசம இடங்கள், அதை ஆயிரத்தால் வகுக்க வேண்டும்.

அடுத்தது எந்த நாளின் விகிதம் என்பது. பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் மலேசியக் கணக்கியல் தரநிலையான எம்எஃப்ஆர்எஸ் 121, அந்நிய நாணயப் பரிவர்த்தனையை அது நடந்த நாளின் விகிதத்தில் பதியச் சொல்கிறது. சிறு கடைக்கும் இது நல்ல தொடக்கம். ஆனால் நம் மூன்றாவது ஆர்டர் பினாங்கில் காலை 7:30-க்கு வந்தது. அன்றைய விகிதம் அதற்குள் வெளியாகியிருக்காது. சனி, ஞாயிறுகளில் புதிய விகிதமே வராது. இதற்கு நடைமுறையில் நன்றாக உதவும் விதி: ஆர்டர் வந்த பினாங்கு நாளுக்கு முந்தைய வேலை நாளின் கடைசி விகிதம். எந்த மணிக்கு ஆர்டர் வந்தாலும் அந்த விகிதம் கையில் தயாராக இருக்கும். திங்கட்கிழமை வருபவற்றுக்கு வெள்ளிக்கிழமையின் விகிதம். இந்த விதியைக் கணக்காளரிடம் ஒருமுறை காட்டி ஒப்புதல் வாங்கி எழுதி வைத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் விவாதிக்க வேண்டியதில்லை.

நாள் தவறினால் விகிதம் எப்படித் தவறுகிறது என்பதை அதே ஆர்டரில் பார்க்கலாம். அக்டோபர் 9-இன் கடைசி விகிதம் 4.20, அக்டோபர் 8-இன் கடைசி விகிதம் 4.22 என்று வைத்துக்கொள்வோம். பினாங்கு நாள் அக்டோபர் 10 ஆகவே சரியான விகிதம் 4.20, தொகை 504 ரிங்கிட். அறிக்கை அதை அக்டோபர் 9 என்று தவறாக எடுத்துக்கொண்டால் 4.22-ஐத் தேடிப் பிடிக்கும், தொகை 506.40. இரண்டு ரிங்கிட் நாற்பது சென்னுக்காக யாரும் கடையை மூடப்போவதில்லை. ஆனால் நாளைத் திருத்திய பிறகும் பழைய ரிங்கிட் தொகை அப்படியே கிடந்தால், மொத்தம் எங்கேயோ சில ரிங்கிட் இடிக்கும். எங்கே என்று தேடும் வேலை அந்தத் தொகையைவிட விலை அதிகம். நாளைத் திருத்தினால் விகிதத்தையும் மறுபடி எடுத்துத் தொகையைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

இதைவிடப் பரவலான தவறு, விகிதத்தைப் பதிந்து வைக்காமல் அறிக்கையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய விகிதத்தில் மாற்றுவது. அப்படிச் செய்யும் அறிக்கையில் அக்டோபர் 10-இன் விற்பனை அக்டோபரில் 1,236 ரிங்கிட்டாக இருக்கும். டாலர் பிறகு 4.10-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால், அதே நாளின் விற்பனை 1,224 ஆகக் குறைந்திருக்கும். எந்த ஆர்டரும் ரத்தாகவில்லை, எதுவும் திரும்பி வரவில்லை, ஆனால் கடந்து போன நாள் மெலிந்துவிட்டது. சோதிக்கும் வழி: முடிந்துபோன ஒரு நாளின் மொத்தத்தை இன்று குறித்து வைத்து, அடுத்த வாரம் திறந்து பாருங்கள். ஒரு சென் மாறினாலும் விகிதம் உறையவில்லை என்று பொருள்.

ஆகவே ஒவ்வோர் ஆர்டரோடும் பணம் வந்த நேரம், அசல் தொகை, நாணயக் குறியீடு, பயன்படுத்திய விகிதம், அந்த விகிதத்தின் தேதி, கிடைத்த ரிங்கிட் தொகை ஆகியவற்றைச் சேர்த்தே எழுதிவிட வேண்டும். ரிங்கிட் தொகை மட்டும் போதாதா என்று தோன்றும். போதாது. அசல் தொகையும் விகிதமும் இல்லாவிட்டால், தவறு நேர்ந்த நாளில் எதையும் திருத்த முடியாது. ஒவ்வோர் ஆர்டரையும் தனித்தனியே சென்னுக்கு முழுமையாக்கிப் பிறகு கூட்டினால் ஒரு தொகையும், டாலர்களை எல்லாம் முதலில் கூட்டிப் பிறகு மாற்றினால் சில சென் வித்தியாசத்தில் வேறு தொகையும் வரும். ஆர்டருக்கு ஆர்டர் ரிங்கிட் தொகையைப் பதிவதால் முதல் வழியே இயல்பாக அமைந்துவிடுகிறது.

இத்தனையும் செய்த பிறகும் வங்கிக் கணக்கில் விழும் பணம் அறிக்கையோடு பொருந்தாது. இதைக் கேட்டுத்தான் கடைக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. "தம்பி, 504 ரிங்கிட் என்கிறீர்கள், வங்கியில் 504 இல்லையே" என்பார்கள். இல்லைதான். கட்டணச் சேவை தனக்கான விகிதத்தில் டாலரை மாற்றுகிறது, தன் கட்டணத்தைக் கழிக்கிறது, சில நாள் கழித்துப் பணத்தை அனுப்புகிறது. அதன் நாளும் பினாங்கு நாளாக இருக்க வேண்டியதில்லை. அந்தச் சேவை 4.13 விகிதத்தில் மாற்றினால், கட்டணத்துக்கு முன்பே 495.60 ரிங்கிட்தான் இருக்கும். மீதி 8.40 விற்பனைக் குறைவு அல்ல, நாணய மாற்று இழப்பு என்று தனி வரியில் எழுத வேண்டியது. விற்பனைத் தொகையை வங்கித் தொகைக்கு ஏற்ப வளைக்கக் கூடாது. இரண்டையும் பொருத்திப் பார்க்கும்போது நாளுக்கு நாள் ஒப்பிடுவது வீண் வேலை. கட்டணச் சேவை தரும் பரிவர்த்தனை எண்ணை வைத்து ஆர்டருக்கு ஆர்டர் ஒப்பிட வேண்டும். அப்போது நேர மண்டலம் இடையில் வராது.

பணம் திருப்பிக் கொடுப்பதிலும் இதே ஒழுங்குதான். நியூஜெர்சி வாடிக்கையாளருக்கு விளக்கு நெளிந்து போய்ச் சேர்ந்தது, அக்டோபர் 24 அன்று 120 டாலரையும் திருப்பித் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 10-ஐத் திறந்து பழைய ஆர்டரை அழித்துவிட்டால் முடிந்துபோன நாளின் மொத்தம் மாறும். ஏற்கெனவே கணக்காளருக்குப் போன தாள் பொய்யாகிவிடும். அக்டோபர் 24-இன் கணக்கில் கழித்தல் குறியோடு ஒரு புதிய வரி எழுத வேண்டும். விகிதம் அன்றையது அல்ல, விற்றபோது பதிந்த 4.20. அப்போதுதான் 504 வந்து 504 போனதாக அந்த விற்பனை முழுமையாக நேர் செய்யப்படும். அந்த நாளில் டாலர் 4.25-க்கு ஏறியிருந்து, கட்டணச் சேவை உங்களிடமிருந்து 510 ரிங்கிட் எடுத்துக்கொண்டால், கூடுதலான 6 ரிங்கிட்டும் நாணய மாற்று இழப்பு வரிக்கே போகும்.